மருந்து ஏறும் நேரமும் இறங்கும் நேரமும்: பார்மகாலஜி மாணவர்களுக்கு ஒரு தமிழ்க் குறிப்பு



ஸ்ரீ சிட்டி, சத்தியவேடு, தடா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் திருப்பதியிலும் சித்தூரிலும் பார்மசி, நர்சிங், மருத்துவம் என்று படிக்கிறார்கள். பாடப் புத்தகம் ஆங்கிலத்தில். விடுதி அறையில் பேச்சு தெலுங்கில். மனத்துக்குள் யோசிப்பது தமிழில். பார்மகாலஜியில் அவர்கள் முதலில் தடுமாறும் இடம் இரண்டு: மருந்து உறிஞ்சப்படுதல், மருந்தின் அரை ஆயுள். சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அது நோயாளியின் உடம்பில் என்ன என்று கேட்டால் விழிக்கிறார்கள். அவர்களுக்காக நான் தமிழில் எழுதிக் கொடுத்த குறிப்பைச் சற்று விரித்து இங்கே தருகிறேன். வீட்டில் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களும் இதைப் படிக்கலாம்.

ஒரு சொல் முன்னதாக. மருந்து வகைகளின் பெயர்களை நான் தமிழாக்கவில்லை. ஆன்டாசிட், ஆன்டிபயாடிக், பீட்டா பிளாக்கர், பார்பிட்யூரேட் ஆகியவை அப்படியே வருகின்றன. மருந்துச் சீட்டிலும் அட்டைப் பெட்டியிலும் தேர்வுத் தாளிலும் மாணவர் காணப்போவது அந்தப் பெயர்களைத்தான். அவற்றுக்கு ஒரு தமிழ்ச் சொல்லைப் புதிதாகக் கற்பித்தால், ஒன்றுக்கு இரண்டாகச் சுமக்க வேண்டி வரும். ஆனால் மருந்து உடம்பில் செய்யும் பயணத்தைச் சொல்லத் தமிழ் தாராளமாகப் போதும்.

மாத்திரை ரத்தத்தில் ஏறுவது

விழுங்கிய மாத்திரை முதலில் உடைய வேண்டும். உடைந்த தூள் வயிற்று நீரில் கரைய வேண்டும். கரைந்தது இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போக வேண்டும். பெரும்பாலான மருந்துகள் ரத்தத்தில் சேருவது சிறுகுடலில்தான். அதன் உட்சுவரின் பரப்பு அவ்வளவு அதிகம். குடலிலிருந்து புறப்படும் ரத்தம் நேராக உடம்பெங்கும் போய்விடுவதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரு பங்கு மருந்து மாற்றப்பட்டுவிடலாம். சுங்கச் சாவடியில் வரி பிடித்த பிறகு வண்டி போவதைப் போல, மீதிதான் பொது ரத்த ஓட்டத்துக்கு வருகிறது.

ஆகவே உறிஞ்சப்படுதலைப் பற்றி இரண்டு தனித்தனிக் கேள்விகள் கேட்க வேண்டும். எவ்வளவு ஏறியது? எவ்வளவு வேகமாக ஏறியது? மாணவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட் மாத்திரையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் விழுங்கினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்ச அளவை எட்டிவிடும். கொழுப்பு நிறைந்த சாப்பாட்டுடன் விழுங்கினால் உச்சம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஆனால் மொத்தமாக ரத்தத்தில் சேரும் அளவு சிறிதுதான் குறையும். சாப்பாடு மாத்திரையைக் குடலுக்கு மெதுவாக அனுப்பியதால், குன்று தட்டையாகி அகலமாகிவிட்டது. குன்றின் மண் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, உயரம்தான் போய்விட்டது. உயரம் போனால் நஷ்டமா என்பதைப் பிறகு பார்ப்போம்.

அரை ஆயுள்

கையில் இருக்கும் பணத்தில் மணிக்குப் பாதியைச் செலவழிக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். 800 ரூபாயோடு கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் 400, அடுத்த மணியில் 200, பிறகு 100, பிறகு 50. முதல் மணியில் அவர் 400 ரூபாய் செலவழித்தார்; நான்காவது மணியில் 50 ரூபாய்தான். ஆனால் ஒவ்வொரு மணியிலும் பாதி என்பது மாறவில்லை. பெரும்பாலான மருந்துகளை உடம்பு வெளியேற்றுவது இப்படித்தான். ரத்தத்திலுள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரமே அரை ஆயுள்.

ஐந்து அரை ஆயுள் கழிந்தால் 100-க்கு மூன்றே மீதமிருக்கும். பார்பிட்யூரேட் வகையைச் சேர்ந்த ஃபினோபார்பிடோனுக்கு அரை ஆயுள் ஏறத்தாழ 4 நாள். ஆகவே அதை நிறுத்தினாலும் உடம்பைவிட்டுப் போக ஏறத்தாழ 3 வாரமாகும். தினமும் சாப்பிட ஆரம்பித்தால் அளவு ஏறிச் சமநிலைக்கு வருவதற்கும் அதே 3 வாரம்தான். ஐசோனியாசிட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது சில மணி நேரத்தில் போய்விடுகிறது; நேற்றைய மாத்திரை இன்றைக்குச் சேமிப்பாக நிற்பதில்லை.

அரை ஆயுளை நிர்ணயிப்பவை இரண்டு. மருந்து உடம்பில் எவ்வளவு பரந்து கிடக்கிறது என்பது ஒன்று. கல்லீரலும் சிறுநீரகமும் எவ்வளவு வேகமாக ரத்தத்தை அதிலிருந்து சுத்தம் செய்கின்றன என்பது மற்றொன்று. தேர்வுக்கு எழுத வேண்டிய சூத்திரம் இது:

t½ = 0.693 × Vd ÷ CL

Vd என்பது பரவல் கொள்ளளவு. CL என்பது சுத்தமாக்கும் வேகம். சுத்தமாக்கும் வேகம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் அரை ஆயுள் மூன்று மடங்காகும். இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. நம் பக்கத்து மக்கள் உடம்பிலேயே இருக்கும் வேறுபாடு.

சேத்துப்பட்டில் கண்டது

நம் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1956-இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் என்ற பெயரில் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து நடத்தின. தொடக்கத்தில் பொறுப்பேற்றவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நெரிசலான வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்ட ஏழை நோயாளிகள் சானடோரியத்தில் சேர்ந்தவர்களைப் போலவே குணமடைகிறார்கள் என்று 1959-இல் அங்கிருந்து வெளிவந்த ஆய்வு, உலகமெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றியது.

அதே நிலையத்தில் நடந்த மற்றொரு வேலை நம் பாடத்துக்கு நேராக உதவும். ஐசோனியாசிட்டைக் கல்லீரலில் உள்ள ஓர் என்ஸைம் அசிடைலேஷன் செய்து செயலிழக்கச் செய்கிறது. இந்த என்ஸைம் சிலருக்கு வேகமாக வேலை செய்யும்; சிலருக்கு மெதுவாக. முன்னவர்களை ரேபிட் அசிடைலேட்டர் என்றும் பின்னவர்களை ஸ்லோ அசிடைலேட்டர் என்றும் சொல்கிறார்கள். 1960-இல் எவான்ஸ் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் பலருக்கு இம்மருந்தைக் கொடுத்து, 6 மணி நேரம் கழித்து ரத்தத்தை அளந்தார்கள். அளவுகள் ஒரே குன்றாக அமையாமல், நடுவே பள்ளம் விழுந்து இரண்டு குன்றுகளாகப் பிரிந்தன. இது பரம்பரையாக வரும் குணம் என்று அதனால் தெளிவாயிற்று. தென்னிந்தியர்களில் ஏறத்தாழ 100-க்கு 60 பேர் ஸ்லோ வகை. ஜப்பானியர்களில் ஏறத்தாழ 10 பேர்தான்.

ரேபிட் வகையினருக்கு ஐசோனியாசிட்டின் அரை ஆயுள் ஏறத்தாழ 1 மணி. ஸ்லோ வகையினருக்கு ஏறத்தாழ 3 மணி. பெயரில் ஸ்லோ என்று இருப்பதால், இவர்களுக்கு மருந்து மெதுவாக ஏறுகிறது என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. ஏறுவதில் அல்ல, இறங்குவதில்தான் மெதுவு.

அண்ணனும் தம்பியும்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரே வீட்டில் அண்ணன், தம்பி இருவருக்கும் காசநோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை சமம், இருவரும் 300 மி.கி. ஐசோனியாசிட் சாப்பிடுகிறார்கள். அண்ணன் ரேபிட், தம்பி ஸ்லோ. தாய் தந்தையரிடமிருந்து வரும் மரபணுவைப் பொறுத்து உடன்பிறந்தவர்களுக்குள்ளும் இப்படி அமையலாம். இருவருக்கும் உச்ச அளவு மில்லிலிட்டருக்கு 4 மைக்ரோகிராம் என்று கொள்வோம். உண்மையில் அண்ணனுக்கு உச்சமே சற்றுக் குறைவாக இருக்கும், ஏனென்றால் அவருடைய கல்லீரல் முதல் சுற்றிலேயே அதிகம் பிடித்துக்கொள்கிறது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை விட்டுவிடுகிறேன்.

உச்சத்திலிருந்து 3 மணி நேரம் கழித்து அண்ணனுக்கு மூன்று அரை ஆயுள் போய்விட்டது: 4, 2, 1, 0.5. தம்பிக்கு ஒன்றுதான் போயிருக்கிறது: 4, 2. ஆறு மணி நேரம் கழித்து அண்ணனிடம் மீதி 0.06, தம்பியிடம் 1. காசநோய்க் கிருமியை அடக்க ஏறத்தாழ 0.05 மைக்ரோகிராம் போதும் என்று கொண்டால், அண்ணனுக்கு மருந்து ஆறு மணிக்குச் சற்று மேல் வரை வேலை செய்யும் அளவில் இருக்கிறது. தம்பிக்கோ ஏறத்தாழ 19 மணி நேரம் இருக்கிறது.

இங்கே ஒரு மாணவர் கேட்பார்: அப்படியானால் அண்ணனுக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கொடுக்க வேண்டாமா? நியாயமான கேள்வி. அதற்குச் சேத்துப்பட்டிலேயே விடை கிடைத்தது. 1960-இல் வெளிவந்த ஆய்வில், ஐசோனியாசிட்டை மட்டும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 400 மி.கி. ஒரே வேளையாகச் சிலருக்கும், அதே அளவை இரண்டு வேளையாகப் பிரித்துச் சிலருக்கும் கொடுத்தார்கள். ஒரே வேளையாகச் சாப்பிட்டவர்களுக்கே பலன் கூடுதல். பிரித்துக் கொடுத்தால் மருந்து ரத்தத்தில் கூடுதல் நேரம் இருக்கும். ஆனால் குன்று தாழ்ந்துவிடும். இந்தக் கிருமிக்கு எதிராக அந்த உயரத்துக்கு மதிப்பு இருந்தது. முன்பு நான் விட்ட கேள்விக்கும் இதுவே விடை: சாப்பாட்டினால் உச்சம் பாதியாவது சின்ன விஷயமன்று. (காசநோய்க்கு ஒற்றை மருந்து கொடுப்பது அந்தக் காலத்தோடு போயிற்று. இன்று நான்கு மருந்துகளைச் சேர்த்தே தொடங்குகிறார்கள்.)

தினமும் தக்க துணை மருந்துடன் சாப்பிடும்போது ரேபிட், ஸ்லோ என்ற வேறுபாடு குணமாவதில் குறிப்பிடத்தக்க மாற்றம் செய்யவில்லை. அரை ஆயுள் 1 மணி என்பதால் மணிக்கொரு மாத்திரை வேண்டியதில்லை. காசநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. ஒரு முறை இரண்டாக ஒரு நாளுக்கு நெருங்கிய நேரம் எடுத்துக்கொள்கிறது. அடி வாங்கிய கிருமி உடனே எழுந்து பெருகத் தொடங்குவதில்லை. ஆகவே அரை ஆயுள் மருந்து எவ்வளவு நேரம் *இருக்கிறது* என்று சொல்லுமே தவிர, எவ்வளவு நேரம் *வேலை செய்கிறது* என்று சொல்லாது. பின்னதை அறிய மருந்தின் வகையைப் பார்க்க வேண்டும்.

வாரம் ஒரு முறை என்றபோது

அடுத்து எழுந்த கேள்வி: தினமும் மருந்து சாப்பிடுவதைக் கண்காணிக்க முடியாத ஏழை நாட்டில், இடைவெளி விட்டு, நர்ஸ் கண்முன் கொடுத்தால் போதுமா? வாரம் இரு முறை ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும், கிலோ எடைக்கு ஏறத்தாழ 15 மி.கி. ஐசோனியாசிட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல பலன்; இரு வகையினருக்கும் பலன். வாரம் ஒரு முறை என்று குறைத்தபோது பலன் குறைந்தது, அதுவும் குறிப்பாக ரேபிட் வகையினருக்கு. அண்ணன் பின்தங்கினார்.

ஏன்? அளவைக் கூட்டித்தானே கொடுத்தார்கள்? அரை ஆயுள் கணக்கில் பெரும்பாலோர் கவனிக்காத இடம் இது. அண்ணனுக்கு 300 மி.கி.-க்குப் பதில் 600 மி.கி. கொடுங்கள். உச்சம் 8 ஆகிறது. ஒரு மணி நேரத்தில் அது 4. அதற்கு மேல் பழைய கதையேதான். மாத்திரை இரட்டிப்பு, கிடைத்த கூடுதல் நேரம் ஒரே ஒரு அரை ஆயுள், அதாவது 1 மணி. தம்பிக்கும் ஒரு அரை ஆயுள்தான் கூடும். ஆனால் அவருக்கு அது 3 மணி. அண்ணனுக்கும் மூன்று மணி நேரம் கூட்ட வேண்டுமானால் எட்டு மடங்கு, 2400 மி.கி. கொடுக்க வேண்டும். அது விஷமாகிவிடும். நீண்ட நேரம் மருந்தில் கிடந்த கிருமி சில நாள் தலைதூக்காது. சில மணி நேரமே கிடந்தது சீக்கிரம் மீண்டுவிடும். ஏழு நாள் இடைவெளியில் அண்ணனுடைய ஆறேழு மணி நேரம் போதவில்லை.

இறங்குவதைத் தடுக்க முடியாது என்றால், ஏறுவதை மெதுவாக்கலாமே? ஆராய்ச்சியாளர்கள் அடுத்து முயன்றது அதைத்தான். குடலில் சிறிது சிறிதாகக் கரையும் ஸ்லோ ரிலீஸ் ஐசோனியாசிட் மாத்திரைகளைச் செய்து, அவை ரத்தத்தில் எப்படி ஏறி இறங்குகின்றன என்று ஆராய்ந்தார்கள். 1972-இல் அது வெளிவந்தது. இதில் பெரிய அளவைக் கொடுத்தாலும் உச்சம் தலைசுற்றும் அளவுக்குப் போகாது. குடலிலிருந்து வந்துகொண்டே இருப்பதால் ரேபிட் வகையினருக்கும் மருந்து கூடுதல் நேரம் நிற்கும். கவனியுங்கள்: அண்ணனுடைய கல்லீரல் மாறவில்லை, அவருடைய உண்மையான அரை ஆயுளும் 1 மணிதான். ஆனால் ரத்த அளவின் வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது நீண்டுவிட்டது போலத் தோன்றும். ஏறும் வேகம் இறங்கும் வேகத்தைவிடக் குறைந்துவிட்டால், சரிவில் நாம் காண்பது ஏறும் வேகத்தின் நிழலைத்தான். ஸ்லோ ரிலீஸ் மாத்திரையின் வரைபடத்திலிருந்து அரை ஆயுளைக் கணக்கிடச் சொன்னால், அதே மருந்தை ஊசியாக ரத்தக்குழாயில் செலுத்திய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊசியில் சரிவு செங்குத்தாகவும் மாத்திரையில் சாய்வாகவும் இருந்தால், மாத்திரை காட்டுவது உறிஞ்சப்படும் வேகம் என்று தெரிந்துகொள்ளலாம்.

தம்பிக்கும் ஒரு செலவு உண்டு

இவ்வளவும் படித்தால் தம்பி கொடுத்து வைத்தவர் என்று தோன்றும். மருந்து உடம்பில் அதிக நேரம் நிற்பதற்கு விலை உண்டு. ஐசோனியாசிட் உடம்பிலுள்ள பைரிடாக்ஸின் என்ற வைட்டமின் பி6-உடன் குறுக்கிடுகிறது. அந்த வைட்டமின் குறைந்தால் பாதங்களில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, பிறகு மரத்துப் போதல் என்று நரம்புக் கோளாறு வரும். அதிக அளவு ஐசோனியாசிட் சாப்பிட்ட சென்னை நோயாளிகளில் இது ஸ்லோ வகையினருக்கே அதிகம் வந்தது. சத்துக் குறைந்த உணவு அதைக் கூட்டியது. சில மி.கி. பைரிடாக்ஸினைத் தினமும் சேர்த்துக் கொடுத்தால் இதைத் தடுக்கலாம் என்பதும் அங்கேயே நிறுவப்பட்டது. காசநோய் மாத்திரையுடன் ஒரு வைட்டமின் மாத்திரை ஏன் கொடுக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. அதைச் சத்து மாத்திரை என்று நினைத்து ஒதுக்கி வைக்கக்கூடாது.

இந்தியாவின் காசநோய்த் திட்டம் பல ஆண்டுகள் வாரம் மூன்று முறை மருந்து கொடுத்தது. 2017 முதல் தினமும் கொடுக்கும் முறைக்கு மாறிவிட்டது. ஆகவே இன்று சிகிச்சையில் இருக்கும் அண்ணன்மார் தங்கள் வகை என்னவென்று கவலைப்பட வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையின் அளவையோ நேரத்தையோ தாமாக மாற்றிக்கொள்ள வேண்டாம். கால் எரிகிறது, மரத்துப் போகிறது என்றால் மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களுக்குப் பயிற்சியாக ஒரு கேள்வியும் விடையும் தந்து முடிக்கிறேன். ஒரு நோயாளிக்கு 2 மணியில் ரத்த அளவு குறைவாக இருக்கிறது. 6 மணியில் எடுத்த ரத்தத்தில் அதைவிடக் கூடுதலாக இருக்கிறது. இவர் ரேபிட்டா, ஸ்லோவா? இரண்டும் இல்லை. ரேபிட் என்றால் 6 மணியில் ஏறத்தாழ ஒன்றுமே இருக்காது. ஸ்லோ என்றாலும் 2 மணியைவிட 6 மணியில் குறைந்துதான் இருக்க வேண்டும். இவருக்கு மருந்து இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறது. முதலில் கேட்க வேண்டியது கல்லீரலைப் பற்றியன்று. மாத்திரையை எதனுடன் விழுங்கினீர்கள் என்பதை.